சைன் என்று ஒரு பொய்ப் பெயர்



2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நம் ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாள் காலைக்குள் கிட்டத்தட்ட 48 சென்டிமீட்டர் மழை. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்தபோது எங்கள் வீட்டில் ஒன்பது நாள் மின்சாரம் இல்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் இன்வெர்ட்டர் வாங்கினேன். ஃபெங்கலுக்கு எங்கள் தெருவில் இரண்டு நாள் இருட்டு.

அந்த இரண்டு நாளும் என் பேரன் எங்களோடு இருந்தான். பதினோரு வயது. அவன் அம்மா, அதாவது என் மகள், மருத்துவமனையில் நர்ஸ். புயல் பணிக்குப் போனவள் திரும்பி வர வழியில்லை. பையன் தன்னுடைய விளையாட்டுப் பெட்டியை, கேம் கன்சோல் என்கிறார்களே அதை, பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் காற்று ஏறும்போது கேட்டான்: "தாத்தா, கரண்ட் போனா கன்சோலுக்கு ஒண்ணும் ஆகாதா?"

நான் சொன்னேன்: "இன்வெர்ட்டர் இருக்குடா. ஒண்ணும் ஆகாது. நீ விளையாடு."

நான் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம், கடைக்காரர் எனக்குச் சொன்ன ஒரு வாக்கியம்தான்: "சைன் வேவ் சார், எல்லாம் ஓடும்."

ஏழு மணிக்குள் மின்சாரம் போவதும் வருவதுமாக ஐந்தாறு முறை ஆடியது. அதில் ஒரு முறை கன்சோல் அணைந்தது. மறுபடி போட்டபோது ஏதோ சரிபார்ப்பதாகத் திரையில் காட்டியது. பிறகு பையன் எட்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த விளையாட்டுப் பதிவு கெட்டுப்போய்விட்டதாகச் சொன்னது. அவன் அழவில்லை. "பரவால்ல தாத்தா" என்றான். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மழை வடிந்த பிறகு நான் விசாரிக்கத் தொடங்கினேன். முப்பத்து நான்கு வருஷம் அரசாங்கத்தில் எழுத்தர் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக் காலம் கொள்முதல் கோப்புகள். ஒரு பொருளின் பெயரும் விவரக்குறிப்பும் தப்பாக இருந்தால் கோப்பு முழுவதும் தப்பாகப் போகும் என்பது என் கையெழுத்தில் ஊறிய பாடம். இந்த விஷயத்திலும் தப்பு பெயரிலேயே தொடங்குகிறது.

என் இன்வெர்ட்டர் வந்த அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'சைன் வேவ்'. அதற்கு முன்னால் மிகச் சிறிய எழுத்தில் 'மாடிஃபைட்'. மாற்றியமைக்கப்பட்ட சைன் அலையாம். கேட்பதற்கு, சைன் அலையை எடுத்து இன்னும் மேம்படுத்தியது போல இருக்கிறது அல்லவா? நடப்பது அதற்கு நேர் எதிர்.

மின்வாரியத்திலிருந்து வரும் மின்சாரம் ஊஞ்சல் போல ஆடுகிறது. பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறி, உச்சியில் நிதானித்து, மெல்ல இறங்கி, எதிர்ப்பக்கம் போய்த் திரும்புகிறது. ஒரு செகண்டுக்கு ஐம்பது முறை. நாம் 230 வோல்ட் என்று சொல்வது அதன் பயன் அளவு. அதன் உச்சி சுமார் 325 வோல்ட். இதுதான் சைன் அலை.

என் இன்வெர்ட்டர் கொடுப்பது ஊஞ்சல் இல்லை, படிக்கட்டு. பூஜ்யத்திலிருந்து ஒரே தாவில் உச்சி, அங்கே கொஞ்ச நேரம் தட்டையாக நிற்கும். பிறகு ஒரே தாவில் பூஜ்யம், அங்கே கொஞ்சம் ஓய்வு. அப்புறம் எதிர்ப்பக்கம் அதே போல. இதைச் சதுர அலையின் மாற்றுருவம் என்று சொல்லலாம். சைன் அலையின் வளைவு ஒன்றுகூட இதில் கிடையாது.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் இன்வெர்ட்டரை 'ஒந்துலர்' என்பார்கள், அலை என்ற பொருள் தரும் 'ஓந்து' என்ற சொல்லிலிருந்து வந்தது. இந்தப் படிக்கட்டு வகைக்கு அவர்கள் கடையில் வைத்திருக்கும் பெயர் 'ஸூதோ சினுஸ்'. அதாவது போலி சைன். நல்ல வகைக்குப் 'புர் சினுஸ்', தூய சைன். அங்கே வாங்குகிறவன் பெட்டியைப் பார்த்தவுடனே தான் வாங்குவது போலி என்று தெரிந்தே வாங்குகிறான். இங்கே நமக்கு 'மாடிஃபைட்' என்று மெருகு பூசித் தருகிறார்கள். கேட்டால், தொழில்நுட்பப் பெயர் சார், நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள். தமிழில் 'படி அலை' என்று ஒட்டினால் யாருக்குப் புரியாமல் போகும்?

பெயரை விடுங்கள். பையனின் பெட்டி ஏன் அணைந்தது?

இதற்கு எனக்கு ஒரே நாளில் இரண்டு பதில்கள் கிடைத்தன. கடைக்காரர், "இன்வெர்ட்டரில் குற்றமே இல்லை சார், எங்கள் வீட்டிலேயே டி.வி. ஓடுகிறது" என்றார். தெருமுனையில் பழுது பார்க்கும் தம்பியோ, "ஐயோ, ஸ்கொயர் வேவில் கன்சோல் போட்டீங்களா? போர்டு எரிஞ்சிடும் ஐயா. உடனே ப்யூர் சைன் வேவ் வாங்குங்க, நானே மாட்டித் தர்றேன்" என்றார். ஒருவர் எல்லாம் ஓடும் என்கிறார், மற்றவர் எல்லாம் எரியும் என்கிறார். இரண்டு பேருக்கும் விற்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது. உண்மை இந்த இரண்டிலும் இல்லை.

எங்கள் தெருவில் ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் போனேன். ஒரு பழைய மல்டிமீட்டரும், புதிய மல்டிமீட்டர் ஒன்றும், ஆசிலாஸ்கோப்பும் எடுத்துக்கொண்டு வந்தார். 

முதலில் பழைய மீட்டரை இன்வெர்ட்டர் பிளக்கில் வைத்தார். 182 காட்டியது. எனக்குத் திக்கென்றது. "230 வர வேண்டிய இடத்தில் 182 தானா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே புதிய மீட்டரை வைத்தார். 227. இரண்டு மீட்டரும் பழுதில்லை. சாதாரண மீட்டர் சராசரியை அளந்து, வருவது சைன் அலைதான் என்று நம்பிக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறது. படிக்கட்டு அலைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' என்று எழுதிய மீட்டர்தான் உண்மையான அளவைச் சொல்லும். ஆகவே உங்கள் வீட்டில் யாராவது சாதாரண மீட்டரை வைத்து, "வோல்டேஜ் குறைவு, இன்வெர்ட்டர் போச்சு" என்றால் பணத்தை எடுத்துவிடாதீர்கள். அதே மீட்டரில் 180க்கும் 230க்கும் உள்ள வித்தியாசமே, உங்களிடம் இருப்பது படி அலை என்பதற்கு ஒரு சாட்சி. பிறகு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் வழியாக ஆசிலாஸ்கோப்பில் அலையைக் காட்டினார். கோயில் குளத்துப் படி மாதிரி இருந்தது.

அடுத்ததாக, கன்சோலுக்குள் என்ன நடக்கிறது என்று வாத்தியார் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கன்சோலுக்கு 230 வோல்ட் தேவையே இல்லை. அதற்கு வேண்டியது சின்ன அளவு நேர் மின்சாரம். ஆகவே உள்ளே நுழைந்தவுடன் பவர் சப்ளை முதல் வேலையாக அலையை ஒருதிசையாக்கி, ஒரு பெரிய கெப்பாசிட்டரில் கொட்டி வைக்கிறது. நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டி மாதிரி. அந்தத் தொட்டி அலையின் உச்சி வரை, அதாவது சுமார் 325 வோல்ட் வரை நிரம்புகிறது. தண்ணீர் ஊஞ்சலாக வந்ததா, படிக்கட்டாக வந்ததா என்று தொட்டி பெரிதாகக் கவலைப்படுவதில்லை. உச்சி சரியாக இருந்தால் போதும். அதனால்தான் பெரும்பாலான கன்சோல்கள் படி அலையில் ஓடிவிடுகின்றன. எரிஞ்சிடும் என்று கூச்சல் போட்ட தம்பிக்கு இதுதான் பதில்.

அதற்காக எல்லாம் ஓடும் என்று சொன்னவர் ஜெயித்துவிடவில்லை. படி அலை ஒரே தாவில் ஏறுவதால் ஒவ்வொரு தாவிலும் அந்தத் தொட்டிக்குள் மின்சாரம் குபீரென்று பாய்கிறது. செகண்டுக்கு நூறு முறை. நுழைவாயிலில் இருக்கும் வடிகட்டிச் சுற்று அதனால் சூடாகும், உறுமும். பெரிய கன்சோல்களின் பவர் சப்ளையில் இன்னொரு சங்கதியும் இருக்கும். மின்சாரத்தை அலையின் வடிவத்துக்கு ஏற்றபடி சீராக இழுப்பதற்கென்றே ஒரு சுற்று, பி.எஃப்.சி. என்பார்கள். அது அலையின் வளைவைப் பார்த்து நடக்கப் பழகியது. வளைவே இல்லாத அலை வந்தால் சிலவற்றில் அது தடுமாறும். பேட்டரி இறங்க இறங்க, என்னுடையது போன்ற இன்வெர்ட்டரில் அலையின் உச்சியும் இறங்கும். அப்போது தடுமாற்றம் இன்னும் கூடும், பவர் சப்ளை தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

ஆக, ஓடுமா ஓடாதா என்பதற்குக் கடைக்காரரும் பதில் சொல்ல முடியாது, நானும் முடியாது. உங்கள் பெட்டிதான் சொல்ல வேண்டும். வாத்தியார் செய்த சோதனை எளிமையானது. மின்சாரம் இருக்கும் ஒரு நாளில், முக்கியமான விளையாட்டு எதையும் திறக்காமல், கன்சோலை இன்வெர்ட்டரில் ஒரு மணி நேரம் ஓட விடுவது. காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும்: மின்வாரிய மின்சாரத்தில் இல்லாத உறுமல் இருக்கிறதா? கையை வைத்துப் பார்க்க வேண்டும்: வழக்கத்தைவிடச் சூடு தெளிவாக அதிகமாக இருக்கிறதா? தனி அடாப்டர் உள்ள கன்சோல் என்றால் அந்த அடாப்டரைத் தொட்டுப் பார்க்கலாம். படம் வேகமாக ஓடும் கட்டத்தில் தானாக அணைகிறதா? வாடை வருகிறதா? லேசான உறுமல் மட்டும் என்றால் கண்காணித்துக்கொண்டு சில மணி நேரம் ஓட்டலாம். மற்றவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அந்தக் கன்சோல் அந்த இன்வெர்ட்டரில் வேண்டாம். எக்காரணம் கொண்டும் பவர் சப்ளையைத் திறந்து பார்க்காதீர்கள். நான் சொன்ன தொட்டியில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைச் சாய்க்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

எங்கள் பேரனின் கன்சோல் இந்தச் சோதனையில் தேறிவிட்டது. கொஞ்சம் உறுமியது, அவ்வளவுதான். அப்படியானால் அன்று ஏன் அணைந்தது?

வாத்தியார் இன்வெர்ட்டரைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே விரல் நகம் அளவு ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் யு.பி.எஸ்., மறுபக்கம் நார்மல் என்று எழுதியிருந்தது. அது நார்மலில் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. மாட்டிய அன்று யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் அதைக் கவனித்து, உள்ளே ஒரு ரிலேயைத் தட்டி, பேட்டரிக்கு மாற வேண்டும். அந்த இடைவெளியில் வீட்டில் மின்சாரமே கிடையாது. யு.பி.எஸ். பக்கம் இருந்தால் அந்த இடைவெளி பத்துப் பதினைந்து மில்லி செகண்ட். நார்மலில் இருந்தால் அது முப்பது நாற்பது வரை போகலாம் என்று கையேட்டிலேயே இருக்கிறது. விசிறிக்கு அது தெரியவே தெரியாது, தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எல்.இ.டி. விளக்கு ஒரு முறை கண் சிமிட்டும். ஆனால் கன்சோல் மும்முரமாக வேலை செய்யும்போது அந்தத் தொட்டியில் இருப்பு எவ்வளவு நேரம் தாங்கும்? அலையின் ஒரு சுழற்சி, அதாவது 20 மில்லி செகண்ட் அளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தைத் தாங்கும், நாற்பதைத் தாங்காது. அணைந்த அந்தக் கணத்தில் விளையாட்டு தன் பதிவை எழுதிக்கொண்டிருந்தால் பாதி எழுதிய பதிவுதான் மிஞ்சும். பையனுக்கு நடந்தது அதுதான்.

அன்று மாலையே சோதித்தோம். சுவிட்ச் நார்மலில் இருக்க, இன்வெர்ட்டருக்குப் போகும் எம்.சி.பி.யை இறக்கினோம். பத்து முறையில் நான்கு முறை கன்சோல் அணைந்தது. யு.பி.எஸ். பக்கம் தள்ளிவிட்டு மறுபடி பத்து முறை. ஒரு முறைகூட அணையவில்லை. செலவு ஒரு பைசா கிடையாது.

இப்போது பழுது பார்க்கும் தம்பியின் யோசனையைத் திரும்பிப் பாருங்கள். அவர் சொன்னபடி நான் ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தூய சைன் அலை இன்வெர்ட்டர் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதன் பின்னாலும் பெரும்பாலும் இதே சுவிட்ச் இருக்கும். அதையும் நார்மலில் விட்டிருந்தால், அடுத்த புயலில் பையனின் அடுத்த எட்டு மாதமும் போயிருக்கும். அலை சுத்தமாக இருப்பது வேறு, மாறும் வேகம் வேறு. நோய் ஒன்று, மருந்து வேறு ஒன்றுக்கு.

யு.பி.எஸ். பக்கத்துக்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். அந்த நிலையில் இன்வெர்ட்டர் கறாராகிவிடும். மின்வாரிய வோல்டேஜ் சுமார் 180க்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவிவிடும். வோல்டேஜ் குறைவாக வரும் தெருவில் பேட்டரி அடிக்கடி வேலை செய்து தேயும். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் கன்சோல் ஓடும்போது மட்டும் அந்தப் பக்கம் தள்ளிக்கொள்ளலாம்.

புயல் நேரத்துக்கு வாத்தியார் சொல்லித் தந்த இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஆபத்து நீண்ட மின்வெட்டில் இல்லை. அது போவதற்கு முன்னால் ஐந்தாறு முறை ஆடுகிறதே, திரும்ப வரும்போதும் ஆடுகிறதே, அங்கேதான் இருக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ரிலே இரண்டு முறை தட்டுகிறது. அந்த நேரத்தில் கன்சோலை முறையாக அணைத்துவிட்டு, இன்வெர்ட்டருக்குப் போகும் எம்.சி.பி.யை நாமே இறக்கிவிட வேண்டும். பேட்டரி மட்டும் ஓடும், ரிலேக்கு வேலையே இல்லை. பிறகு கன்சோலைப் போட்டுக்கொள்ளலாம். மின்சாரம் வந்து அரை மணி நேரம் நிலைத்த பிறகு, கன்சோலை அணைத்துவிட்டு எம்.சி.பி.யை ஏற்ற வேண்டும். அணைப்பது என்றால் முழுதாக அணைப்பது. தூங்கும் நிலையில் விட்டால் அது உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கிறது, அப்போது மின்சாரம் போனாலும் அடிதான்.

இனி, என் வயதுக்காரர்களோடு ஒரு சண்டை இருக்கிறது.

இந்தக் கதையைக் கடற்கரையில் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்களிடம் சொன்னபோது முக்கால்வாசிப் பேர் ஒரே குரலில் சொன்னார்கள்: "புயலில் பேட்டரி என்ன விளையாட்டுக்கா? விசிறிக்கும் விளக்குக்கும் வைக்க வேண்டாமா?" என் மனைவியும் முதலில் இதையேதான் சொன்னாள். சரி, கணக்குப் பார்ப்போம். எழுத்தருக்குக் கணக்குத்தானே தெரியும்.

என் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி. பெருக்கினால் 1800 வாட் மணி. அது நான்கு வருஷம் பழசு, அடிவரை காலி செய்தால் ஆயுள் குறையும். அதனால் 60 சதவிகிதம்தான் எடுப்பேன்: 1080. இன்வெர்ட்டர் தன் பங்குக்கு ஐந்தில் ஒன்றைத் தின்றுவிடும். மிச்சம் சுமார் 860 வாட் மணி. ஓர் இரவுக்கு இதுதான் வீட்டின் சம்பளம்.

இரவு எட்டு மணி நேரம் ஒரு பழைய விசிறி, 75 வாட்: 600. இரண்டு 9 வாட் விளக்குகள் ஐந்து மணி நேரம்: 90. மிச்சம் 170. பையனின் கன்சோல் பின்னால் 165 வாட் என்று ஒட்டியிருக்கிறது, ஆனால் அது உச்சவரம்பு. வாத்தியாரின் மீட்டரில் விளையாடும்போது 90 வாட்டைச் சுற்றித்தான் இருந்தது. டி.வி. 55. இரண்டும் சேர்ந்து 145. ஒரு மணி நேரத்துக்கு 145 வாட் மணி.

ஆக, யார் வாயிலிருந்தும் பிடுங்காமல் பையனுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. இரண்டு மணி நேரம் கேட்டால் கிடையாது, அதையும் இந்தக் கணக்கையே காட்டிச் சொல்லலாம். 200 வாட் இழுக்கும் பெரிய கன்சோல் என்றால் டி.வி.யோடு சேர்த்து ஒரு மணி நேரமே விசிறியின் மூன்றரை மணி நேரத்தைத் தின்றுவிடும். அதற்கு இடமில்லை என்று தயங்காமல் சொல்லிவிடலாம். மாறாக, தனக்கென்று பேட்டரி உள்ள கைக்கன்சோல் என்றால் பிரச்சினையே இல்லை. குறைவாக இழுக்கும், ரிலே தட்டினாலும் அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் படி அலையால் உண்மையில் அதிகம் கஷ்டப்படுவது எது தெரியுமா? நம்முடைய பழைய விசிறிதான். அதில் இருப்பது மோட்டார், தொட்டியோ கெப்பாசிட்டரோ இடையில் நின்று காப்பாற்றாமல் அலையை நேராக வாங்கிக்கொள்கிறது. இன்வெர்ட்டரில் ஓடும்போது அது 'ம்ம்ம்' என்று முனகுகிறதே, சூடாகிறதே, அது படிக்கட்டின் அடி. இரவெல்லாம் அந்த முனகலைக் கேட்டுத் தூங்கும் நாம், பையனின் ஒரு மணி நேரத்தை வீண் என்கிறோம். விசிறியைச் சுமார் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. வகையாக மாற்றினால் எட்டு மணி நேரத்தில் 360 வாட் மணி மிச்சமாகும். வீட்டில் சிக்கனம் செய்ய வேண்டிய இடம் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

அம்மா வரவில்லை, வெளியே காற்று ஓலமிடுகிறது, தெருவில் தண்ணீர். பதினோரு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் என்ன என்று நான் அந்த இரவில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதற்கு மேல் இதில் வாதம் செய்ய எனக்கு ஒன்றுமில்லை.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. படி அலை இன்வெர்ட்டர் விற்பது குற்றமில்லை. விலை குறைவு, விளக்குக்கும் கன்சோலுக்கும் ஓரளவு போதும், கையில் அவ்வளவுதான் இருக்கிறது என்றால் அதையே வாங்கலாம். ஆனால் அதை அதன் பெயர் சொல்லி விற்க வேண்டும். 'சைன் வேவ்' என்று வாயால் சொன்னதைப் பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்: தூய சைனா, படி அலையா என்று. எழுதும்போது பேனா தயங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது, மாட்டித் தருகிறவர் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்சை வீட்டுக்காரருக்குக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை மிச்சப்படுத்தியவருக்கு நான் கொடுத்த விலை, என் பேரனிடம் சொன்ன ஒரு வாக்கு.

அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னது தப்பு என்றேன். அவன் சுவிட்சைப் பார்க்க வேண்டும் என்றான். இன்வெர்ட்டரை நகர்த்திக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "இவ்ளோதானா தாத்தா?" என்றான்.

இவ்வளவுதான். இப்போது அந்தச் சுவிட்சுக்கு மேலே ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறோம், அவன் கையெழுத்தில்: 'யு.பி.எஸ். பக்கம். மாத்தாதீங்க.' உங்கள் வீட்டு இன்வெர்ட்டரையும் இன்றைக்கே சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்.